ஓரத்தில் நின்றவளின் இடுப்பு

அளவு நோட்டை நான் யாருக்கும் காட்டியது கிடையாது. கட்டின புருஷனே வந்து நின்று, "அவளுக்குத் தெரியாம ஒரு ரவிக்கை தைக்கணும், அளவு மட்டும் சொல்லுங்க" என்றாலும், "துணியைக் குடுத்துட்டுப் போங்க, தைச்சு வைக்கறேன்" என்பேனே தவிர எண்ணைச் சொல்ல மாட்டேன். மைசூரில் அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில் இரண்டு மிஷினைப் போட்டுக்கொண்டு இருபது வருஷம் தைத்தவள் நான். எனக்கு யாரும் தையல் சொல்லித்தரவில்லை. பழைய ரவிக்கைகளைப் பிரித்து, துண்டுகளைச் செய்தித்தாள் மேல் வைத்து வரைந்து, நாலு துணியைப் பாழாக்கி, நானாகப் படித்துக்கொண்டதுதான்.

அளவெடுக்கும்போது பெண்கள் கையைத் தூக்கினால் வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும். "மூச்சுக்கு ஒரு விரல் விடுங்க்கா, மிச்சத்தைப் பிடிச்சுடுங்க" என்பாள் ஒருத்தி. "இடுப்பளவை எழுதறப்போ உங்க பேனா நடுங்குதே" என்பாள் இன்னொருத்தி. தையல் கூலியைவிட இந்தப் பேச்சுக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பேச்சும் எண்ணும் நோட்டோடு நின்றுவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

அந்த நோட்டைத் திறக்கச் சொல்லி ஒரு முறை என்னைக் கேட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை ஒட்டின சந்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை. தாத்தா காலத்தில் சேலத்திலிருந்து வந்தவர்கள். கடையில் புடவை விரித்துக் காட்ட ஒன்பது பெண்கள். புது வருஷக் காலண்டரில் அந்த ஒன்பது பேரையும் ஒரே உடுப்பில் நிற்க வைத்துப் படம் போட வேண்டும் என்று முதலாளியம்மாவுக்கு ஆசை. மஞ்சள் புடவை, கத்தரிப்பூ நிறத்தில் ரவிக்கை, கையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகைப் பட்டை. ஒன்பது ரவிக்கையும் என்னிடம் வந்தன.

ஒன்பது பேரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள், கொள்ளேகாலுக்கு அப்பால் தமிழ் பேசுகிற ஊரான மார்டள்ளிக்காரி. இருபத்துநாலு வயசிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லி. கடையில் மற்றவர்கள் அவளை "அடிக்கோலு" என்று கூப்பிடுவார்கள். நான் டேப்பைச் சுற்றியபோது அவளே சிரித்தாள்.

"ஏனுங்க்கா, டேப்பு இன்னொரு சுத்து வருமாட்ட இருக்குதுங்க?"

"வந்தா உனக்குப் பாவாடை நாடாவையே ரவிக்கையாத் தைச்சுடறேன், போ" என்றேன்.

படம் எடுக்க வந்தவன் எங்கள் அடுத்த தெரு ஸ்டுடியோக்காரன். என்னை அக்கா என்பான், என் மகள் காதுகுத்துக்குப் படம் எடுத்தவன். துபாயிலிருந்து வந்த மைத்துனன் அவனுக்குப் புதிதாக ஒரு லென்ஸ் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வைடு ஆங்கிள். கடையோ நீளமே தவிர அகலம் கிடையாது. பெண்களை ஒரு பக்கத்து அலமாரி முன்னால் வரிசையாக நிறுத்தினால், அவன் எதிர் அலமாரியில் முதுகு ஒட்டி நிற்க வேண்டும். பழைய லென்ஸில் ஐந்து பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள்.

"இதுல ஒன்பது பேரும் வருவாங்க்கா. உங்களையும் சேர்த்துக் கடையையே சுருட்டி உள்ள போட்டுடும்" என்று பீற்றிக்கொண்டான்.

ஒன்பது பேரையும் அரை வட்டமாக நிறுத்தினான். கல்யாணங்களில் எப்போதும் அப்படித்தான் நிறுத்துவான். எல்லாரும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் எல்லா முகமும் தெளிவாக விழும் என்பது அவன் கணக்கு. நடுவில் இருப்பவர்கள் பின்னால், ஓரத்தில் இருப்பவர்கள் முன்னால். ஒவ்வொருத்தியும் உடம்பைத் திருப்பி லென்ஸைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் மார்டள்ளிக்காரி வலது ஓரம். இடது ஓரத்தில் மூன்று பிள்ளை பெற்ற ஒரு தாட்டியான அம்மா. நான் ஒவ்வொருத்திக்கும் மடிப்பு எடுத்து ஊசி குத்திவிட்டேன். ஒன்பது கையிலும் பட்டை ஒரே மட்டத்தில் நின்றது. எனக்கே என் கையை முத்தமிடலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் கடையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், உடனே வா என்று.

போனால், கல்லாவில் முதலாளியம்மா. கண்ணாடி மேஜை மேல் பெரிய அளவில் பிரிண்ட் போட்ட படம். பெண்கள் எல்லாரும் புடவை மடிக்கிற மாதிரி காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

"ஏம்மா டெய்லரு, இதான் ஒரே அளவா? நடுவுல நிக்கறவளுக்குப் பட்டை ரெண்டு விரல். இவளுக்குப் பாரு. துணி மிஞ்சிப்போச்சுன்னு வெச்சுத் தைச்சியா?"

பார்த்தேன். உண்மைதான். வலது ஓரத்தில் பட்டை அகலமாக இருந்தது. கை தொளதொளவென்று இருந்தது. புடவைக் கொசுவம் பரந்து கிடந்தது. ரவிக்கைக்குக் கீழே இடுப்பு ஒரு சுற்றுப் பருத்திருந்தது. முகம்கூடப் பக்கவாட்டில் இழுத்த மாதிரி. இடது ஓரத்து அம்மாவும் அப்படித்தான் உப்பியிருந்தாள். ஆனால் அவள் எப்போதும் தாட்டி என்பதால் யாருக்கும் அது உறைக்கவில்லை.

மார்டள்ளிக்காரியைக் கூப்பிட்டேன். அன்றைக்கும் அதே உடுப்புதான். என் இரண்டு விரலைப் பட்டை மேல் வைத்தேன். இம்மி பிசகவில்லை.

"கையில ரெண்டு விரல்தாம்மா இருக்கு. படம்தான் தப்பு."

"படம் தப்பா?" முதலாளியம்மா படத்தை என் பக்கம் தள்ளினாள். "பின்னாடி அலமாரியைப் பாரு. அந்தக் கோடியில இருக்கற கட்டமும் இந்தக் கோடியில இருக்கற கட்டமும் ரூல் போட்ட மாதிரி ஒரே அளவு. மர அலமாரி உப்பலை, புடவைப் பெட்டி உப்பலை, இவ மட்டும் எப்படிம்மா உப்புவா?"

அலமாரிக் கட்டங்கள் அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தன. பதில் தெரியாதவள் முகம் எப்படி இருக்கும், அப்படி என் முகம் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவள் அடுத்த படி ஏறினாள். குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தின குரல்தான் கடைசி ஸ்டூல் வரை கேட்கும்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம். காலையில டிபன் வேண்டாங்கறா. ஹாஸ்டல் வேற. முழுகாம இருக்காளோ என்னவோ. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிஞ்சிருச்சு."

மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

"உன்கிட்டதான் நோட்டு இருக்கே? மூணு மாசத்துக்கு முன்னாடி அளவெடுத்தப்போ இடுப்பு என்னன்னு எடு. டேப்பு கழுத்துலதானே தொங்குது? இப்ப ஒரு சுத்து சுத்து. நோட்டையும் டேப்பையும் வெச்சா தெரிஞ்சுபோச்சு. ஆயித்து, அவ்வளவுதான்."

பட்டுப் புடவை விரிக்கிற இடத்தில் ஒரு பெண்ணை நிற்க வைத்து, எட்டுப் பேர் பார்க்க, வயிற்றை அளக்க வேண்டுமாம். நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன். சுருட்டினேன். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"நோட்டு திறக்காது. டேப்பும் வெளியில வராது."

"அப்ப மறைக்கறே."

"நான் எதையும் மறைக்கலை. ஆள் உடம்பை விசாரிக்கறதுக்கு நான் டேப்பு வாங்கலை."

நான் டேப்பைப் பையில் போட்ட பிறகுதான் அந்தப் பெண் பேசினாள்.

"அளந்துபோட்டாலும் நம்புவீங்களாம்மா? நம்பலைன்னா அடுத்தாப்பல என்னத்தப் பாப்பீங்க?"

"வாயைப் பாரு! திங்கக்கிழமை டாக்டரம்மாகிட்ட சீட்டு வாங்கிட்டு வா. சீட்டு இல்லாம இந்தக் கடைப்படி ஏறாதே."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மூன்று நாள். சீட்டு வாங்கப் போனாலே போதும், பேர் கெட்டுவிடும். கடையில் அவள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வேலை செய்தார்கள். கொள்ளேகால் பஸ் ஏறின பேச்சு மார்டள்ளியில் போய் இறங்க எவ்வளவு நேரம்? வேலை போனால் வேறு கடை உண்டு. இந்தப் பேச்சு ஊருக்குப் போனால் வேறு அப்பா அம்மா உண்டா?

நான் அந்தப் படத்தை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன். "திங்கக்கிழமைக்குள்ள நான் இதுக்குப் பதில் கொண்டாரேன்" என்றேன். என்ன பதில் என்று எனக்கே தெரியாது.

நேராக ஸ்டுடியோ. படத்தை அவன் முன்னால் போட்டேன். "என்னடா எடுத்து வெச்சிருக்கே?"

"நல்லாத்தானேக்கா வந்திருக்கு? ஷார்ப்பைப் பாருங்க, மூக்குத்திக் கல்லு எண்ணலாம்."

"கல்லை எண்ணு. இவ இடுப்பைப் பாத்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்தது. ஆனால் லென்ஸை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "ஜப்பான் சரக்குக்கா. லென்ஸ் தப்பு பண்ணாது. எல்லாரும் ஒரே தூரத்துல. அரை வட்டம். ஒரே தூரத்துல இருந்தா ஒரே அளவுதானே வரணும்? அலமாரி பாருங்க, எவ்வளவு நேரா..."

"அலமாரி பேச்சை எடுத்தே, கத்தரிக்கோலாலயே குத்துவேன்."

படத்தைப் பிடுங்கி மறுபடியும் பார்த்தேன். கோபத்தில் கண்ணுக்கு எது எதுவோ பட்டது. அதில் ஒன்று கடை விளக்கு. கூரையிலிருந்து மூன்று கண்ணாடி உருண்டை விளக்குகள் தொங்கும் அந்தக் கடையில். மூன்றும் ஒரே மாதிரி பந்து. படத்தில் நடு விளக்கு பந்தாக இருந்தது. வலது மூலையில் இருந்தது முட்டையாக இருந்தது. மூலையைப் பார்த்துச் சாய்ந்து நீண்ட முட்டை. இடது மூலையிலும் அப்படியே ஒன்று.

"இது என்னடா?"

அவன் குனிந்து பார்த்தான்.

"விளக்குக்கும் டாக்டரம்மா சீட்டு வாங்கணுமா?" என்று கேட்டேன்.

எழுந்து போய், கிரகப்பிரவேசப் படங்களுக்கு வைத்திருந்த பித்தளைச் செம்பை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தான். பக்கத்தில் ஒரு தட்டைக் கேமராவுக்கு நேர்முகமாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்தான். கேமராவில் கண்ணை வைத்து மெதுவாகத் தள்ளித் தள்ளி நகர்ந்தான். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னான்.

செம்பு நடுவில் இருக்கும்போது செம்பாக இருந்தது. கேமராவை அப்படியே நேராக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரச் சொன்னான். நகர நகர, செம்பு ஓரத்துக்குப் போகப் போக, அதன் வயிறு பக்கவாட்டில் பெருத்துக்கொண்டே போயிற்று. தட்டோ வட்டம் குலையாமல் அப்படியே இருந்தது.

"தட்டையா, ஃபிலிமுக்கு நேர்முகமா இருக்கறது எங்க இருந்தாலும் அப்படியே விழும்க்கா. அதான் அலமாரி தப்பிச்சுது. உருண்டையா இருக்கறதுதான் ஓரத்துல இழுபடுது. மனுஷ உடம்பு உருண்டைதானே?" அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. "அரை வட்டம் போட்டு நானே இன்னும் கெடுத்திருக்கேன். லென்ஸுக்கு எல்லாரும் ஒரே தூரம்தான். ஆனா கேமரா பாக்கற திசையில நேரா அளந்தா, ஓரத்துல இருக்கறவங்க ரெண்டடி முன்னாடி வந்துட்டாங்க. அளவு அந்த நேர்தூரத்தைப் பொறுத்துத்தான் விழுது. அதான் பட்டைகூட அகலமாச்சு. நேர் வரிசையா நிறுத்தியிருந்தா உயரமாவது ஒண்ணா வந்திருக்கும். பழைய லென்ஸுல இது கண்ணுக்கே தெரியாது. அந்தப் பழக்கத்துல..."

"அன்னிக்கு எடுக்கறப்போ இதுல தெரிஞ்சிருக்குமே. பாக்கலையா?"

"கண்ணை யாராவது மூடிட்டாங்களான்னுதான் பாத்தேன்க்கா."

அவன் மேல் வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. கெட்டவன் இல்லை. தெரியாமல் செய்தான். தெரியாமல் செய்ததற்கு ஒரு பெண் போய் டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டுமாம்.

"கேமராவை எடு. கிளம்பு."

"இப்பவா? அவங்க எனக்குக் காலண்டர் ஆர்டர் குடுத்தவங்க. என் லென்ஸால தப்புன்னு நானே போய்ச் சொல்லவா?"

"நீ சொல்லலைன்னா நான் சொல்வேன். நான் சொன்னா இந்தத் தெரு முழுக்கச் சொல்வேன்."

வந்தான்.

கடையில் விளக்கு போட்டிருந்தார்கள். இந்தத் தடவை முதலாளியும் இருந்தார். பேச்சு குறைவான மனுஷர். பொண்டாட்டி பேசுவதற்கு இடம் விட்டு விட்டுப் பழகியவர். மார்டள்ளிக்காரி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து ஸ்டூல் இரண்டும் காலியாக இருந்தன. பேச்சு ஏற்கெனவே பரவ ஆரம்பித்துவிட்டது என்று அந்தக் காலி ஸ்டூல்களே சொல்லின.

முதலில் விளக்கைக் காட்டினேன். கூரையில் இருக்கிற பந்தையும் படத்தில் இருக்கிற முட்டையையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினாள். "விளக்கும் பொம்பளையும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணான்னு நீங்களே பாருங்க. ஆனா அவளை நிறுத்தப் போறதில்லை. அவளைப் பாத்தது போதும். நீங்க போய் நில்லுங்க."

நான் அப்படிச் சொல்ல நினைத்து வரவில்லை. காலி ஸ்டூலைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"நான் எதுக்கு நிக்கணும்?"

முதலாளி எழுந்தார். "போய் நில்லேன். நான் பாக்கறேன்" என்றார்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே அந்த வலது ஓரத்தில் போய் நின்றாள். ஸ்டுடியோக்காரன் கேமராவை முதலாளி கையில் கொடுத்து, எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று காட்டி, முதலில் அவள் படத்தின் நடுவில் தெரியும்படி வைத்தான். பிறகு கேமராவை அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரிக்கு நேராகவே வைத்தபடி அவரைத் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினான். முதலாளி ஓரத்துக்குப் போனார், நடுவுக்கு வந்தார், திரும்பவும் ஓரத்துக்குப் போனார். மூன்றாவது தடவை அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லைடி. உனக்கு எந்த மாசம் வளைகாப்பு வெச்சுக்கலாம்?"

முதலில் சிரித்தது இடது ஓரத்துத் தாட்டி அம்மா. பிறகு எல்லாரும். முதலாளியம்மா பாய்ந்து வந்து கேமராவைப் பிடுங்கித் தானே பார்த்தாள். இப்போது ஓரத்தில் நின்றது முதலாளி. நிறைய நேரம் பார்த்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தாள்.

"சரி, வேற படம் எடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவள் ஒருத்திதான். சிரித்து முடித்தவர்களில் ஒருத்தி நகர்ந்து வந்து காலி ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏய் அடிக்கோலு" என்று முழங்கையால் இடித்தாள். மார்டள்ளிக்காரி தான் மடித்துக்கொண்டிருந்த புடவையின் முந்தானையை மடிப்பு பிசகாமல் உள்ளே வைத்துவிட்டு, "தள்ளிக்கோ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்ததா என்று கேட்டால், வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்தச் சிரிப்பின் மேலேயே கோபம் வந்தது. அந்தப் பெண்ணை வைத்துப் பேசியபோது அது சந்தேகம். முதலாளியம்மா அங்கே நின்றபோது அது தமாஷ். இரண்டுக்கும் நடுவில் "தப்பாப் பேசிட்டேன்" என்று ஒரு வார்த்தை விழுந்திருக்க வேண்டும். யாரும் அதைக் கேட்டதாக இல்லை. நானும் கேட்டு வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த படம், கடைக்கு விடுமுறை நாளில், காலையில், தள்ளுவண்டிகள் வருவதற்கு முன்னால். கடை வாசலுக்கு முன்னால் பெண்கள் நேர் வரிசை. அரை வட்டம் கிடையாது. தோள் எல்லாம் நேர்முகமாக. ஸ்டுடியோக்காரன் பழைய லென்ஸைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் பூட்டின கடையின் படி வரைக்கும் பின்னால் போனான். வரிசையின் இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம் விட்டான். வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றான். என்னைக் கூப்பிட்டுக் கேமராவில் பார்க்கச் சொன்னான். எட்டுப் பேர் நின்றார்கள். எல்லா ரவிக்கையும் நான் தைத்த மாதிரியே இருந்தது.

ஒன்பதாவது ஆள் தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். வர மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு முதலாளியம்மா வாயில் சர்க்கரை. "வாம்மா வா. நீ நடுவுல நில்லு. உனக்குத்தான் புடவை நல்லா நிக்குது." அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். இருக்கலாம்.

நடுவில் இருந்த இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள். மார்டள்ளிக்காரி அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையின் பின்னாலேயே நடந்து வலது கோடிக்குப் போய் நின்றாள்.

"என் இடம் இதுதானுங்க."

"அட, நடுவுல வான்னு சொல்றேனே!"

"ஓரத்துலயே எடுக்கட்டும்மா. சரியா வருதான்னு பாக்கோணும்."

நான் போய் அவளுக்கு மடிப்பு எடுத்தேன். ஊசி குத்தினேன். "டிபன் சாப்ட்டியாடி?" என்று காதோடு கேட்டேன். "நாலு இட்லிங்க்கா" என்றாள்.

காலண்டர் வந்த அன்று நான் ஒரு ஸ்கேலை வைத்து ஒன்பது பட்டையையும் அளந்தேன். நடுவில் எவ்வளவோ, ஓரத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. எட்டுப் பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வலது கோடியில் நெடுநெடுவென்று ஒல்லியாக நிற்கிறவள் சிரிக்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அவள் கண் எதிர்ப்பக்கத்துப் படியில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த முதலாளியம்மா மேல் இருக்கிறது.

யார் கண்ணாவது மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ஸ்டுடியோக்காரன் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் காலண்டர் ஒரு வருஷம் முழுக்க, முதலாளியம்மா உட்காரும் கல்லாவுக்கு நேர் எதிர்ச் சுவரில் தொங்கியது.